திங்கள்கிழமை லீவு

"டீமில் ஒருவர் மூன்று மாதத்தில் 7 நாள் திடீர் லீவு எடுத்திருக்கிறார், அதில் 5 திங்கள். பொய் சொல்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாமா?"

வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் வேலை என்றால் ஏழில் ஒன்றிரண்டு திங்களில் விழுவது இயல்பு. ஐந்து என்றால் பேசத்தான் வேண்டும், ஆனால் காரணத்தை அந்தக் கணக்கு சொல்லாது.

அவர் லீவு முடிந்து திரும்பி வந்த அன்றே அவருடன் தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் உடம்பு எப்படி என்று கேளுங்கள். அப்புறம் தேதிகளைக் காட்டி, "பெரும்பாலும் திங்களாக இருக்கிறதே, என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். (அந்த மௌனம்தான் கஷ்டம்.) என் டீமில் ஒருவருக்கு ஞாயிறு இரவு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, திங்கள் ஷிஃப்டை மதியத்துக்கு மாற்றியதும் லீவு நின்றது.

லீவு எடுத்த எல்லோரிடமும் இப்படிப் பேசுங்கள். இவரிடம் மட்டும் என்றால் விசாரணையாகிவிடும்.