ஸ்ட்ரிப்பா, ஸ்ட்ராடிலா?

"கிளிநொச்சியில் இருந்து அமெரிக்கப் பங்கு ஆப்ஷன் பழகுகிறேன். 100 டொலர் பங்கு, கோலும் புட்டும் தலா 4 டொலர். காலாண்டு முடிவு வந்ததும் விழும் என்று நினைக்கிறேன். ஸ்ட்ரிப் எடுத்தால் சமநிலைப் புள்ளி கிட்ட வருமா?"

வரும், ஆனால் கீழ்ப்பக்கம் மட்டும். ஸ்ட்ராடில் என்றால் ஒரு கோல், ஒரு புட்: செலவு 8 டொலர், சமநிலை 92, 108. ஸ்ட்ரிப் என்றால் ஒரு கோல், இரண்டு புட், செலவு 12. விழும்போது இரண்டு புட்டும் சேர்ந்து உழைப்பதால் 6 டொலர் இறங்கினாலே போட்ட காசு திரும்பும்: 94. ஏறினால் ஒரே கோல்தான், 112 வரை போக வேண்டும். ஸ்ட்ராப் இதன் மறுபக்கம், இரண்டு கோல், ஒரு புட்: சமநிலை 88, 106.

94ஐப் பார்த்து மயங்க வேண்டாம். கூடுதல் புட்டின் 4 டொலரைக் கழித்தால், ஆப்ஷன் காலாவதியாகும் நாளில் விலை 96க்குக் கீழே இருந்தால்தான் ஸ்ட்ரிப் ஸ்ட்ராடிலை வெல்லும். 90இல் ஸ்ட்ரிப்புக்கு லாபம் 8, ஸ்ட்ராடிலுக்கு 2. விலை அசையாமல் 100இலேயே நின்றால் 12ம் போச்சு. ஒரு ஒப்பந்தம் 100 பங்கு, அதாவது மூன்று ஒப்பந்தத்துக்கும் சேர்த்து 1,200 டொலர்.

இன்னொன்று, இந்தக் கணக்கெல்லாம் காலாவதி நாளுக்குத்தான். நான் வவுனியாவில் இரவு ஏழு மணிக்குச் சந்தை திறக்கும்வரை காத்திருந்து ஒருமுறை ஸ்ட்ராப் வாங்கினேன். முடிவு வந்தது, பங்கு ஏறியது, ஆனாலும் நட்டம். அறிவிப்புக்கு முன் ஊதியிருந்த ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு, அதாவது implied volatility, மறுநாளே வடிந்து, மூன்று ஆப்ஷனின் விலையும் சுருங்கிவிட்டது. உங்கள் 4 டொலரும் அப்படி ஊதியதா என்று முதலில் பாருங்கள்: அறிவிப்புக்கு முந்தி முடியும் ஆப்ஷன்களின் implied volatility இதைவிட நன்றாகக் குறைவாக இருந்தால், ஊதியதுதான்.