ஆட்டத்துக்கு முன்பே நடக்கும் மேப் தடை

கவுண்டர்-ஸ்ட்ரைக் வீடியோ கேம் போட்டிகளில் ஆட்டம் தொடங்கும் முன்பே சில மேப்களைத் தடை செய்கிறார்களே, அதனால் என்ன மாறுகிறது?

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போட்டிகளுக்கு ஏழு மேப்கள், அதாவது ஆடுகளங்கள், மட்டுமே உண்டு. மூன்று ஆட்டத் தொடரில் வழக்கமாக இரு அணிகளும் ஆளுக்கொன்றைத் தடை செய்து, ஆளுக்கொன்றைத் தேர்ந்து, மீண்டும் ஆளுக்கொன்றைத் தடை செய்யும். எஞ்சியது மூன்றாவது ஆட்டத்துக்கு.

ஒவ்வொரு மேப்புக்கும் புகைக்குண்டு வீசும் இடம், காவல் நிற்கும் மூலை எல்லாம் தனித்தனியாகப் பழக வேண்டும். ஏழையும் ஆழமாகப் பழக நேரம் போதாது. அதனால் பல அணிகள், தேர்வுக்கு ஒரு பாடத்தைச் சாய்ஸில் விடும் மாணவனைப் போல, ஒரு மேப்பை விட்டுவிட்டு எப்போதும் அதையே தடை செய்கின்றன. பழைய ஆட்டங்களைப் பார்த்தாலே எதிரணிக்கு இது தெரிந்துவிடும்.

சூழ்ச்சி இங்கேதான் பிறக்கிறது. இரு அணிகளும் நூக் என்ற மேப்பைப் பழகவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் அணி அதைத் தடை செய்தால், இரண்டாம் அணிக்கு அந்த வேலை மிச்சம். தன் தடையால் முதல் அணியின் பலமான மிராஜை நீக்கிவிடலாம். முதல் அணி ஆடத் தொடங்கும் முன்பே ஒரு மேப்பை இழந்துவிட்டது!

ஏழு மேப்களின் பட்டியல் மாறினாலும் சிக்கல்தான். 2025 ஜனவரியில் வெர்டிகோ போய் ட்ரெயின் வந்தது. எப்போதும் வெர்டிகோவையே தடை செய்துவந்த அணி, எதை விடுவது என்று புதிதாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

மேப்பைத் தேர்ந்த அணிக்கே முழுச் சாதகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த மேப்பில் தாக்கும் பக்கமா, காக்கும் பக்கமா, எதில் தொடங்குவது என்பதை எதிரணிதான் தேர்வு செய்கிறது.