தரை டெக்ஸ்சர்ல கட்டம் கட்டமா தெரியுதா? கேளுங்க, சொல்றேன்

ஏற்காடு காபி தோட்டம் லெவல் பண்றேண்ணா. 4 மீட்டர் செம்மண் டெக்ஸ்சர், தரை 1 கிலோமீட்டர். கிட்ட நின்னா சூப்பரா இருக்கு, லேடீஸ் சீட்ல இருந்து பாக்குற மாதிரி கேமரா மேல போனா ஒரே கட்டம்.

பக்கத்துக்கு 250 ரிபீட், தெரியாம எப்படி இருக்கும் தம்பி. முதல்ல டெக்ஸ்சரையே பாருங்க, ஒரு மூலை லேசா இருட்டா இருக்கும். கேமரா தள்ளிப் போகப் போக டெக்ஸ்சரோட சின்ன காப்பியான மிப் தான் வரும், அதுல கல்லு மணலு எல்லாம் கரைஞ்சு அந்த இருட்டுத் திட்டு மட்டும் மிஞ்சும், கண்ணுல அடிக்கிறது அதுதான். ஹை பாஸ் போட்டு வெளிச்சத்த சமப்படுத்திட்டு அப்புறம் ஸ்டோகாஸ்டிக் பக்கம் வாங்க. தரைய முக்கோணமா பிரிச்சு ஒவ்வொரு முனைக்கும் ஒரு ரேண்டம் ஆஃப்செட் குடுக்கணும், பிக்சல் எந்த முக்கோணத்துல விழுதோ அதோட மூணு முனை ஆஃப்செட்லயும் ஒவ்வொரு சாம்பிள் எடுத்து வெயிட் போட்டு கலக்கணும். ஹைட்ஸும் நெய்ரேயும் 2018ல குடுத்த வழி இது.

கலக்கிட்டேன், ஆனா செம்மண் சாயம் போன வேட்டி மாதிரி ஆயிடுச்சு?

சும்மா சராசரி எடுத்திருப்பீங்க. முனை கிட்ட ஒரே சாம்பிள்ங்கறதால கூர்மையா இருக்கும், நடுவுல மூணும் சேர்ந்து மங்கிடும், கடைசில முக்கோணமே தெரிய ஆரம்பிச்சிடும். இத போடுங்க:

```glsl
vec3 c = w.x*a + w.y*b + w.z*d;
c = m + (c - m) / length(w);
```

`a`, `b`, `d` அந்த மூணு சாம்பிள், `w` அதோட வெயிட், `m` டெக்ஸ்சரோட சராசரி நிறம், கடைசி மிப்ல இருந்து எடுத்துக்கலாம். நட்டநடுவுல கான்ட்ராஸ்ட் 1.73 மடங்கு ஏறும், அதனால 0 - 1 தாண்டுனா வெட்டி விடுங்க.

முக்கோண ஓரத்துல மெல்லிசா கோடு கோடா வருது?

ஆஃப்செட் அங்க திடீர்னு குதிக்குது, ஜிபியு ஏதோ பெரிய தூரம்னு நெனச்சு தப்பான மிப்ப எடுக்குது. ஆஃப்செட் சேர்க்குறதுக்கு முன்னாடியே `dFdx(uv)`, `dFdy(uv)` எடுத்து வச்சு `textureGrad`ல குடுங்க.

எங்க வீட்டு வாசல் பேவர் பிளாக்குக்கு இத போட்டேன், கல்லு மேல கல்லு ஏறி நிக்குது.

நிக்கத்தான் செய்யும். மண்ணு, புல்லு, சரளை இதுக்கு மட்டும் தான் இது. பேவருக்கு ஒவ்வொரு கல்லுக்கும் நிறத்த கொஞ்சம் மாத்தி விடுங்க, போதும்.

இவ்ளோ எதுக்கு சார்? மேல ஒரு பெரிய நாய்ஸ் பெருக்கி விட்டா மேட்டர் முடிஞ்சது. மொபைல்ல 3 சாம்பிள் எவன் தாங்குவான்?

செலவு விஷயத்துல நீங்க சொல்றது சரி. நிறம், நார்மல், ரஃப்னஸ் மூணுக்கும் போட்டா 3 சாம்பிள் 9 ஆயிடும். ஆனா நாய்ஸ் திட்டு திட்டா நிறத்த மாத்தும், அவ்ளோதான், நடு தூரத்துல டெக்ஸ்சர்ல இருக்குற ஒரே வெள்ளக்கல்லு 4 மீட்டருக்கு ஒரு தடவை வரிசை கட்டி நிக்கிறத அது மறைக்காது. ரெண்டும் வேணும். நாய்ஸ் 67 மீட்டர் மாதிரி 4ஆல வகுபடாத அளவுல, 0.85ல இருந்து 1.15 வரைக்கும், சராசரி 1 இருக்கட்டும்.

வெள்ளக்கல்ல டெக்ஸ்சர்லயே அழிச்சிட்டா?

அழிங்க, தாராளமா. ஆனா மாக்னசைட் பூமில கல்லே இல்லாத செம்மண்ணு போட்டா நம்மூர்க்காரன் ஒருத்தனும் நம்ப மாட்டான்.

நம்புறதுக்கு கல்ல தனியா மெஷ்ஷா தூவிக்கலாமே சார், மொபைல்ல அதுவே சீப்.

எத்தன கல்லு, எவ்ளோ தூரம் வரைக்கும்? ப்ரொஃபைலர் ஸ்கிரீன்ஷாட் போடுங்க, அப்புறம் பேசுவோம்.

அண்ணா எனக்கும் கோடு வருது

`textureGrad`. மேல இருக்கு, படிங்க.