அலுவலகம் மாறும்போது எந்த வேலை தாமதமானால் தேதி தள்ளிப்போகும்?

கேள்வி: நாங்கள் 40 பேர் வேலை பார்க்கும் அலுவலகம். நுங்கம்பாக்கத்திலிருந்து பெருங்குடிக்கு மாறுகிறோம். வருகிற திங்கட்கிழமை புது இடத்தின் சாவி கைக்கு வருகிறது. அன்றிலிருந்து 60 நாளுக்குள் பழைய இடத்தை ஒப்படைக்க வேண்டும். எம்.டி. "கிரிட்டிகல் பாத் போட்டுக் கொண்டு வாருங்கள்" என்கிறார். எங்கள் குழுவில் அட்மின், ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ் ஆட்கள்தான். இதை எப்படிப் போடுவது?

பதில்: எதில் ஒரு நாள் பிந்தினாலும் கடைசித் தேதியே தள்ளிப்போகுமோ, அந்த வேலைகளின் சங்கிலிதான் கிரிட்டிகல் பாத். அதைக் கண்டுபிடிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளைப் பலகையும் ஒட்டும் சீட்டுகளும் போதும். ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி, அதில் இரண்டு விஷயங்களைக் குறியுங்கள். அந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும்? எந்த வேலை முடிந்தால்தான் இதைத் தொடங்க முடியும்?

இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் வழக்கமாகப் போடும் பட்டியலில் வேலை, பொறுப்பாளர், கடைசித் தேதி மூன்றும் இருக்கும். எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது மட்டும் இருக்காது. அதனால் எல்லா வேலையும் ஒரே அளவு அவசரமாகத் தெரியும், யார் சத்தமாகக் கேட்கிறாரோ அவருடைய வேலை முதலில் நடக்கும்.

உங்கள் அளவுள்ள அலுவலகத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாவி வாங்கும் திங்கள்தான் 1-ஆம் நாள். ஞாயிறையும் சேர்த்தே எண்ணுகிறேன். நாட்கள் என் உத்தேசம். உங்கள் கான்ட்ராக்டர்கள் சொல்வதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

- லேஅவுட் முடிவு செய்தல்: 7 நாள். சாவி வந்ததும் தொடங்கலாம்.
- இன்டர்நெட் லீஸ்டு லைன்: 35 நாள். இதுவும் சாவி வந்ததும்.
- பார்ட்டிஷன், எலெக்ட்ரிகல், நெட்வொர்க் கேபிள்: 14 நாள். லேஅவுட் முடிந்ததும்.
- பெயின்ட்: 5 நாள். கேபிள் வேலை முடிந்ததும்.
- மேசைகள் செய்து வருதல்: 28 நாள். லேஅவுட் முடிந்ததும்.
- மேசைகளைப் பொருத்துதல்: 4 நாள். பெயின்ட் முடிந்து, மேசைகளும் வந்த பிறகு.
- நெட்வொர்க் சோதனை: 3 நாள். மேசைகள் பொருத்தி, இன்டர்நெட்டும் வந்த பிறகு.
- சாமான் மாற்றுதல்: 2 நாள். சோதனை முடிந்த பிறகு.

இன்டர்நெட்டைக் கவனித்தீர்களா? லேஅவுட் முடியட்டும், அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று பல அலுவலகங்களில் ஒரு வாரம் விட்டுவிடுவார்கள். விண்ணப்பிக்கத் தேவைப்படுவது முகவரியும் வாடகை ஒப்பந்த நகலும் நிறுவன ஆவணங்களும்தான். எந்த மேசை எங்கே வரும் என்பது அந்தக் கம்பெனிக்குத் தேவையில்லை. "வழக்கமாக அதற்குப் பிறகுதான் செய்வோம்" என்பதும் "அது முடியாமல் இதைத் தொடவே முடியாது" என்பதும் ஒன்றல்ல. சீட்டில் இரண்டாவது வகையை மட்டும் எழுதுங்கள்.

இப்போது முன்னாலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். லேஅவுட் 7-ஆம் நாள் முடிகிறது. கேபிள் 21-இல், பெயின்ட் 26-இல். மேசைகள் 35-ஆம் நாள் வந்து சேர்கின்றன. பொருத்துவதற்குப் பெயின்டும் வேண்டும், மேசையும் வேண்டும் என்பதால் எது பிந்தி வருகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும்: 35. அங்கிருந்து 4 நாள் கூட்டினால் 39. இன்டர்நெட் 35-இலேயே வந்துவிட்டாலும் சோதனை 39-க்குப் பிறகுதான் தொடங்கும், 42-இல் முடியும். சாமான் மாற்றி முடிக்கும்போது 44.

இனி பின்னாலிருந்து வாருங்கள். 44-இல் முடிய வேண்டுமானால் சோதனை 42-க்குள் முடிய வேண்டும். அப்படியானால் இன்டர்நெட் 39-க்குள் வந்தால் போதும். அது 35-இலேயே வருகிறது, ஆக 4 நாள் அவகாசம். பெயின்ட் 35-க்குள் முடிந்தால் போதும், 26-இலேயே முடிகிறது. அங்கே 9 நாள் அவகாசம். இந்த 9 நாள் கேபிள்காரருக்கும் பெயின்டருக்கும் பொதுவானது. முன்னவர் 6 நாள் எடுத்துக்கொண்டால் பின்னவருக்கு 3 நாள்தான் மிச்சம். இதை இருவரிடமும் தனித்தனியாக "உங்களுக்கு 9 நாள் இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள்.

லேஅவுட், மேசைகள் வருவது, பொருத்துவது, சோதனை, சாமான் மாற்றம் ஆகிய ஐந்துக்கும் அவகாசம் பூஜ்யம். இந்தச் சங்கிலிதான் உங்கள் எம்.டி. கேட்கும் கிரிட்டிகல் பாத். இதில் எது ஒரு நாள் பிந்தினாலும் குடியேறும் நாள் ஒரு நாள் பிந்தும். பலகையில் இதைச் சிவப்பில் கோடு போட்டுக்காட்டுங்கள். 1957 வாக்கில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயன ஆலை வேலைகளுக்காகக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்ததும் இதே கணக்குதான்.

கிரிட்டிகல் பாத்தில் இல்லாத வேலையைச் சாதாரண வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஜி.எஸ்.டி. பதிவில் முகவரி மாற்றத்துக்கு, மாறிய 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் வண்டியில் சாமான் ஏறுவதற்கு அது தடையாக நிற்காது. ஆகவே இந்தச் சங்கிலியில் அதற்கு இடமில்லை.

அடுத்து, எம்.டி. கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி: இன்னும் சீக்கிரம் முடியாதா?

மேசைக்குத்தானே 28 நாள் ஆகிறது, கூடுதல் விலை கொடுத்து ரெடிமேடாக வாங்கினால் 10 நாளில் வந்துவிடுமே என்று யாராவது சொல்வார்கள். போட்டுப் பாருங்கள். மேசைகள் 17-ஆம் நாளே வந்துவிடும். ஆனால் பெயின்ட் 26-இல்தான் முடிகிறது, அதனால் பொருத்தி முடிக்க 30 ஆகும். அப்புறம் இன்டர்நெட்டுக்காக 35 வரை காத்திருக்க வேண்டும். சோதனை 38-இல் முடியும், சாமான் மாற்றம் 40-இல். 18 நாளைக் குறைக்கப் பணம் கொடுத்தோம், கிடைத்தது 4 நாள். மேசையின் இடத்தை இன்டர்நெட் பிடித்துக்கொண்டது; கிரிட்டிகல் பாத் வேறு சங்கிலிக்குத் தாவிவிட்டது. ஒரு வேலையைச் சுருக்கும்போதெல்லாம் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும் என்பது இதனால்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று காலண்டரில் இருக்கிறது. 1-ஆம் நாள் திங்கள் என்றால் 42-ஆம் நாள் ஞாயிறு. நம் முதல் கணக்குப்படி சாமான் மாற்றுவது 43, 44, அதாவது திங்களும் செவ்வாயும். வேலை நாளில் 40 பேரை நிறுத்திவைக்க முடியாது என்றால் அடுத்த சனி, ஞாயிறு வரை, 48, 49 வரை, காத்திருக்க வேண்டும். ஆனால் சிவப்புக் கோட்டில் எங்காவது வெறும் 2 நாள் மிச்சம் பிடித்தால் 41, 42-ஆம் நாட்களிலேயே மாறிவிடலாம். 2 நாளுக்கு ஒரு முழு வாரம் லாபம்.

அந்த 2 நாளைப் பணம் செலவழிக்காமலே லேஅவுட்டில் எடுக்கலாம். 7 நாளில் பாதி, யாருக்கு ஜன்னல் பக்கம், யாருக்குக் கேபின் என்ற பேச்சிலேயே போகும். முடிவெடுக்க வேண்டியவர்களைச் சாவி வாங்கும் வாரத்திலேயே ஒரே அறையில் உட்காரவைத்து, வெள்ளிக்கிழமைக்குள், அதாவது 5-ஆம் நாளுக்குள், கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேசைகள் 33-இல் வரும், பொருத்தி முடிக்க 37, சோதனை முடிய 40, சனி ஞாயிறில் சாமான் மாற்றம். ரெடிமேட் மேசைக்குப் பணம் கொட்டியிருந்தாலும் 38-ஆம் நாள் புதன்கிழமை சோதனை முடிந்து, இதே சனிக்கிழமைக்காகத்தான் காத்திருப்பீர்கள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எம்.டி.யிடம் காட்டுங்கள். அவருக்கு இதைவிடப் பயனுள்ள பக்கம் வேறு இருக்க முடியாது.

இந்தத் திட்டம் எங்கே உடையும் என்றால், பலகையில் எழுதாத வேலையில்தான். மேசைக்காரர் 28 நாள் என்று சொல்வது முன்பணம் கைக்கு வந்த நாளிலிருந்து. லேஅவுட் முடிந்ததும் கொட்டேஷன் வாங்கி, ஒப்புதல் பெற்று, பணம் அனுப்ப அக்கவுண்ட்ஸில் 3 நாள் ஆனால், எல்லாம் முடிய 45 ஆகிவிடும். அந்த வார இறுதி போச்சு. மேசை எத்தனை என்பது இப்போதே தெரியும். அதனால் மேசைக்காரரைத் தேர்ந்தெடுப்பதையும் முன்பணத்துக்கான ஒப்புதலையும் லேஅவுட் ஓடும் அதே வாரத்தில் முடித்துவையுங்கள். யார் எத்தனை நாள் சொன்னாலும் "எந்த நாளிலிருந்து? எங்கள் மாடியில் இறக்கும் வரைக்குமா?" என்று கேட்டால் இப்படி ஒளிந்திருக்கும் காத்திருப்புகள் வெளியே வரும். கட்டடத்தில் சர்வீஸ் லிஃப்டுக்கு முன் அனுமதி வேண்டுமா என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

இன்னொன்று, உங்கள் திட்டம் சாமான் மாற்றியதோடு முடியவில்லை. 60 நாள் கெடு என்பது பழைய இடத்தின் சாவியைக் கொடுப்பதற்கு. பார்ட்டிஷனைக் கழற்றி, சுவரைச் சரிசெய்து, பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கு 7 நாள் வையுங்கள். 49-இல் மாறினால் 56-இல் ஒப்படைக்கலாம், கையில் 4 நாள். 42-இல் மாறினால் 49, கையில் 11 நாள். அதனால் 41, 42-ஐ இலக்காக வைத்து, 48, 49-ஐ மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்வதே சரி என்பேன். பேக்கர்ஸிடம் இரண்டு வார இறுதிகளையும் முன்பதிவு செய்ய முடியுமா, ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை பலகை முன் நின்று கணக்கை மறுபடி போடுங்கள். "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் 90 என்பார்கள். "இன்னும் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். லேஅவுட்டை 5 நாளாகச் சுருக்கியதால் இன்டர்நெட்டுக்கு இருந்த 4 நாள் அவகாசம் இப்போது 2 நாளாகிவிட்டது. மேசைக்கு அடுத்தபடியாகக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியது அதைத்தான். மூன்றாம் வாரத்திலும் கட்டடத்துக்குள் கேபிள் இழுக்கும் தேதியை அவர்கள் உறுதி செய்யவில்லை என்றால், சோதனைக்கும் முதல் சில வாரங்களுக்கும் போதுமான ஒரு சாதாரண பிராட்பேண்ட் இணைப்புக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.