ஆறு பூஜ்யம் எடுத்த வருடம் நான் அங்கே கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன்

கேள்வி: பணவீக்கம் அதிகமான நாட்டில் பணத்திலிருந்து பூஜ்யங்களை எடுத்துவிட்டால் விலைவாசி குறையுமா? சேமிப்பு வைத்திருப்பவர்களுக்கு நஷ்டமா?

குறையாது. அந்தச் செயலால் மட்டும் நஷ்டமும் வராது. நீங்கள் அப்படி ஒரு நாட்டில் வேலை பார்க்கிறீர்கள், வங்கியில் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறீர்கள், அறிவிப்பைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, ஆனால் இந்த வேலையை உள்ளே இருந்து செய்திருக்கிறேன். அதனால் “உனக்கு என்ன தெரியும்” என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

2004இல் துருக்கியின் இஸ்தான்புல்லில் திருகாணி, போல்ட், வாஷர் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் சரக்கு மற்றும் கணக்கு மென்பொருளை மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். 2005 ஜனவரி 1 முதல் 10 லட்சம் பழைய லிராவுக்கு ஒரு புதிய லிரா என்று சட்டம் போட்டிருந்தார்கள். அப்போது இருந்த பெரிய நோட்டே 2 கோடி லிரா. ஒரு டாலர் கிட்டத்தட்ட 13 லட்சத்து 40 ஆயிரம். ஜனவரியில் அது ஒரு லிரா 34 குருஷ் ஆனது, நூறு குருஷ் சேர்ந்தது ஒரு லிரா. 60 கோடி சம்பளம் வாங்கியவர் 600 வாங்கினார், 30 கோடி வாடகை கொடுத்தவர் 300 கொடுத்தார். முன்பும் பாதிச் சம்பளம் வாடகைக்குப் போனது, பின்பும் அதே பாதிதான். வங்கி இருப்பு, கடன், ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்தார்கள். அதனால் யாரும் பணக்காரராகவும் இல்லை, ஏழையாகவும் இல்லை.

இதை மதிப்பிறக்கம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். மதிப்பிறக்கம் என்றால் டாலருக்கு எதிராக உங்கள் பணத்தின் விலை விழுவது. நோட்டு செல்லாது என்று அறிவிப்பதும் வேறு. துருக்கியில் 2005 முழுக்கப் பழைய நோட்டும் புதிய நோட்டும் சேர்ந்தே புழங்கின, விலைச்சீட்டில் இரண்டு விலையும் இருந்தன. அதன்பின் பழையதை மாற்றிக்கொள்ள மத்திய வங்கியில் இன்னும் 10 வருடம் இருந்தது.

அப்படியானால் சிக்கலே இல்லையா என்றால், இருந்தது, ஆனால் அது சில்லறையில் இருந்தது. ஒரு புதிய குருஷ் என்பது 10,000 பழைய லிரா. அரைக் குருஷும் அதற்கு மேலும் வந்தால் ஒரு குருஷாக ஏற்று, குறைந்தால் விட்டுவிடு என்பது சட்டத்தில் இருந்த விதி. கேட்க எளிமையாக இருக்கும். எங்கள் சரக்குப் பட்டியலில் ஒரு சின்ன வாஷரின் விலை 6,500 லிரா, அதாவது 0.65 குருஷ். அதை அப்படியே முழுக் குருஷாக்கினால் 10,000 லிரா விலையாகிவிடும். 20,000 வாஷர் வாங்குகிறவர் முன்பு 13 கோடி, அதாவது 130 புதிய லிரா கொடுத்தார். இப்போது பில் 200 லிரா காட்டும். 3,750 லிரா திருகாணிக்கு நேர் எதிர். அது 0.375 குருஷ், விலை பூஜ்யமாகிவிடும், சரக்கு இலவசம். ஒன்றின் விலையை ஆறு தசமம் வரை அப்படியே வைத்துக்கொண்டு, பில்லின் கடைசி மொத்தத்தில் மட்டும் குருஷுக்குச் சரிசெய்ய வேண்டும் என்று நான் நவம்பரிலேயே எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்று பேரேடு. சுமார் 80,000 வரிகள், வரித்தொகைகளால் கடைசி இலக்கங்கள் தாறுமாறாக இருக்கும். பழைய மொத்தத்தை 10 லட்சத்தால் வகுத்து, புதிய வரிகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டேன். சரியாக முழுமையாக்கியிருந்தால் ஒரு வரியில் கூடுவதும் இன்னொரு வரியில் குறைவதும் பெரும்பாலும் கழிந்துபோய், கடைசியில் ஓரிரு லிராதான் வித்தியாசம் நிற்கும், அதை ஒரு தனிக் கணக்கில் எழுதிவிடலாம். எனக்கு வந்தது கிட்டத்தட்ட 400 லிரா குறைவு. எல்லாம் ஒரே பக்கம். பார்த்தால் மாற்றும் நிரல் தசமத்தை முழுமையாக்காமல் வெட்டிப் போட்டிருக்கிறது. ஒரு வரிக்குச் சராசரி அரைக் குருஷ், 80,000 வரிக்கு 400 லிரா. டிசம்பர் கடைசி இரவு முழுக்க அதைத் திருத்தி மறுபடி ஓட்டினோம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நிரலை எழுதியது எங்களை அனுப்பிய நிறுவனத்தின் வேறு குழு. தவறு வந்ததும் மேலாளர் என் பெயரைத்தான் அறிக்கையில் போட்டார். நான் எழுதிக் கொடுத்த குறிப்பின் தேதியைக் காட்டியும் மாற்றவில்லை. 20 வருடம் ஆகியும் ஆறவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

“சில்லறையை முழுமையாக்கும் சாக்கில் கடைக்காரர்கள் விலை ஏற்றமாட்டார்களா?” என்று கேட்பீர்கள். சிலர் ஏற்றியிருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் துருக்கியில் 2004இல் பணவீக்கம் 9 சதவீதத்துக்குச் சற்று மேல், 2005இல் 8க்குக் கீழே. அதாவது அந்த வருடம் குறையத்தான் செய்தது.

அது பூஜ்யம் எடுத்ததால் குறைந்தது இல்லை என்பதுதான் முக்கியம். 2001 நெருக்கடியில் விலைகள் ஒரே வருடத்தில் 68 சதவீதம் ஏறியிருந்தன. அந்த வருடமே மத்திய வங்கி அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதை, அதாவது செலவுக்கு நோட்டு அச்சடித்துத் தருவதை, சட்டத்தால் நிறுத்தினார்கள், அரசின் செலவையும் இறுக்கினார்கள். விலையேற்றம் அடங்கிய பிறகுதான் பூஜ்யத்தில் கை வைத்தார்கள்.

ஜிம்பாப்வே வரிசையை மாற்றிச் செய்தது. 2006இல் மூன்று பூஜ்யம், 2008 ஆகஸ்டில் பத்து. ஆனால் செலவுக்கு நோட்டு அச்சடிப்பது மட்டும் நிற்கவில்லை. ஐந்தே மாதத்தில், 2009 ஜனவரியில், 100 லட்சம் கோடி டாலர் நோட்டு வெளியானது. பிப்ரவரியில் இன்னும் பன்னிரண்டு பூஜ்யம் எடுத்தார்கள், அதற்குள் மக்கள் வெளிநாட்டுப் பணத்துக்குப் போய்விட்டார்கள்.

துருக்கிக்கும் பூஜ்யம் எடுத்தது நிரந்தரக் காப்பாக அமையவில்லை. 2022 அக்டோபரில் அதிகாரபூர்வப் பணவீக்கமே 85 சதவீதத்தைத் தாண்டியது. 1.34ஆக இருந்த டாலர் 2024இல் 30ஐத் தாண்டிவிட்டது.

பலன் என்ன என்றால் கணக்கெழுதுகிறவரிடம் கேளுங்கள். எங்கள் கிடங்குப் பொறுப்பாளர் அறுபது வயதுக்காரர், தொகையை எழுதும்போது மூன்று மூன்று இலக்கமாக விரலால் தடவி எண்ணுவார். பூஜ்யம் ஒன்று கூடிப்போய் பத்து மடங்குக்குப் பில் போட்ட கதைகள் அவரிடம் நிறைய உண்டு. ஜனவரிக்குப் பிறகு விரல் வைப்பது நின்றது, ஆனால் வாயில் மட்டும் பத்து லட்சத்தைக் குறிக்கும் “மில்யோன்” போகவே இல்லை. ஒரு லிராவைக் கடைசிவரை ஒரு மில்யோன் என்றுதான் சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மாற்றத்துக்கு முந்தைய நாள் வங்கி அறிக்கையை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடன் பாக்கியையும் சேர்த்து. மறுநாள் இரண்டையும் அறிவித்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். சில்லறைக்கு மேல் வித்தியாசம் வந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். அப்புறம், உங்கள் மத்திய வங்கி இன்னும் அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கிறதா என்று விசாரியுங்கள். ஆம் என்றால் சேமிப்பு முழுவதையும் அந்த நாட்டுப் பணத்திலேயே வைத்திருக்க வேண்டாம், அதில் எத்தனை பூஜ்யம் இருந்தாலும்.