நம்பிக்கை எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

கேள்வி: பிரவுசர், சர்வர், டேட்டாபேஸ், ஒரு பேமென்ட் கேட்வே. இவ்வளவுதான் என் ஆப். டேட்டா ஃப்ளோ வரைபடத்தில் நம்பிக்கை எல்லை எங்கே வரும்?

நாம் நம்பும் பகுதியையும் நம்ப முடியாத பகுதியையும் பிரிக்கும் கோடுதான் நம்பிக்கை எல்லை. தரவு யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறதோ, அங்கே அது வரும். பிரவுசரையும் கேட்வேயையும் செவ்வகமாகவும், சர்வரை வட்டமாகவும், டேட்டாபேஸை இரண்டு இணைகோடுகளாகவும் வரையுங்கள். அம்பின் மேல் ‘எச்டிடிபிஎஸ்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ‘ஆர்டர் எண், தொகை’ என்று போகும் தரவையே எழுதுங்கள். அப்புறம் சர்வரையும் டேட்டாபேஸையும் சுற்றி ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். அதுதான் எல்லை.

இதில் பெரும்பாலும் விடுபடுவது ஓர் அம்பு. பணம் கட்டியதும் கேட்வே உங்கள் `/webhook` முகவரிக்குத் தானாக அனுப்பும் செய்தி அது. வெளியிலிருந்து வந்து கோட்டை வெட்டுகிறது. அந்த முகவரி இணையத்தில் திறந்தே கிடப்பதால், ‘ஆர்டர் 42, பணம் வந்தது’ என்று யார் வேண்டுமானாலும் அனுப்பிப் பொருளை வாங்கிவிடலாம். எனவே அந்த வெட்டுப்புள்ளியில் இரண்டு சோதனைகளைக் குறியுங்கள்: செய்தியின் கையொப்பம் சரியா, தொகை டேட்டாபேஸில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா. பழைய செய்தியையே திரும்ப அனுப்பினால் கையொப்பம் சரியாகத்தான் இருக்கும். அதனால் ஏற்கெனவே முடிந்த ஆர்டரா என்றும் பார்க்க வேண்டும்.

டேட்டாபேஸை வேறொரு ஆப்பும் பயன்படுத்துகிறதா? சரி, அப்படியென்றால் சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே இன்னொரு கோடு வேண்டும்.