மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு: சிலபஸை விலைக்கு வாங்கலாமா?

"வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் எட்டு வாரத்துக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தப்போகிறோம். வாரம் மூன்று நாள், மாலை 7 முதல் 8.30 வரை. வருகிறவர்கள் 12 பேர். வீட்டு வேலை செய்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். ஐந்தாவது, எட்டாவதுதான் படிப்பு. கம்ப்யூட்டர் நாலு இருக்கிறது. பண உதவி செய்யும் டிரஸ்ட் பாடத்திட்டம் கேட்கிறது. ஓர் இன்ஸ்டிடியூட்காரர், சிலபஸும் கவர்மென்ட் சர்டிபிகேட்டும் தானே தருவதாகவும் தலைக்கு 1,500 ரூபாய் ஆகும் என்றும் சொல்கிறார். வாங்கிக்கொள்வதா, நாங்களே எழுதுவதா?"

நீங்களே எழுதுங்கள். அவர் தரப்போகும் சிலபஸைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். முதல் வாரம் கம்ப்யூட்டரின் தலைமுறைகள், இரண்டாவது வாரம் ஹார்டுவேர், சாப்ட்வேர், அப்புறம் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட். பகலெல்லாம் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு பவர்பாயிண்ட் எதற்கு? மூன்றாவது வகுப்போடு நின்றுவிடுவார்கள். பழி அவர்கள் தலையில் விழும்.

உங்கள் திட்டத்தில் ஒரு மாலைக்கு ஒரு வரி, வரிக்கு மூன்று கட்டம் போதும். முதல் கட்டத்தில் பாடத்தின் பெயரை எழுதாதீர்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது யார் துணையும் இல்லாமல் அவருக்கு என்ன செய்ய வரும் என்பதை எழுதுங்கள். "இன்டர்நெட் அறிமுகம்" என்று எழுதாமல், "ரேஷன் கார்டு தளத்தின் அட்ரஸைத் தானே டைப் செய்து திறப்பார்" என்று எழுதுங்கள். அடுத்த கட்டத்தில், வீட்டிலிருந்து எதை எடுத்துவர வேண்டும் என்பது. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுவைத்து, யார் எந்த இடத்தில் நின்றுபோனார் என்று வகுப்பு முடிந்ததும் குறியுங்கள்.

உங்களுக்கு மொத்தம் 24 மாலைகள். புதுப் பாடம் 16-இல்தான். ஒவ்வொரு வாரமும் மூன்றாம் நாள், அந்த வாரத்து இரண்டு வேலைகளையும் மறுபடி செய்ய மட்டுமே. கல்யாண மண்டபத்தில் வேலை, ராத்திரி சவாரி என்று யாராவது வராமல் போவார்கள். திங்கள் வராதவர் வெள்ளியில் பிடித்துக்கொள்ள வழியில்லை என்றால், அடுத்த வாரம் முதல் சொல்லாமலே நின்றுவிடுவார்.

முதல் வாரம் முழுவதும் கண்ணுக்கும் கைக்கும். நாற்பது தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து இருக்கும், கண்ணாடி இருக்காது. "எனக்கு மண்டையில ஏறல" என்பவருக்குப் பல சமயம் எழுத்தே கண்ணுக்குத் தெரிந்திருக்காது. முதல் நாளே தினசரிப் பேப்பரில் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். திரையில் எழுத்தின் அளவை 125 அல்லது 150 சதவீதத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

அடுத்து டபுள் கிளிக். இரண்டு தட்டலுக்கு நடுவில் கை நகர்ந்தால் ஃபைல் வேறிடம் போய்விடும். தட்டல் மெதுவானால் பெயர் மாற்றும் கட்டம் திறந்துகொள்ளும். ஏதோ கெடுத்துவிட்டோம் என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். ஒரு கிளிக், பிறகு Enter என்று பழக்குங்கள். கீபோர்டில் பெரிய A இருக்க, திரையில் சின்ன a வருவதும் பஸ் போர்டிலும் கடை போர்டிலும் இங்கிலீஷ் கற்றவரைத் திணறவைக்கும். எனவே முதலில் எண்கள். தன் போன் நம்பரை அடித்துப் பார்ப்பதே இரண்டாம் நாள் வேலை.

ஒரு மாலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நான்காவது வாரம், அட்ரஸ் அடித்துத் தளம் திறப்பது. முதல் கால் மணி நேரம் போன வகுப்பு வேலை. பிறகு tnpds.gov.in என்பதை நீங்கள் ஒருமுறை மெதுவாக அடித்துக் காட்டுங்கள். அடுத்த முக்கால் மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், ஆளுக்குக் கால் மணி நேரம் மவுஸ். மற்ற இருவரும் வாயால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. இது உங்களுக்கும் சேர்த்துத்தான். மீதி நேரம் நோட்டில் அட்ரஸ் எழுத. அன்று உள்ளே போக வேண்டாம். அரைகுறையாகப் படித்தவரிடம் கோணல்மாணலான எழுத்தைப் படித்து அடி என்று கேட்கிற பக்கத்தை யார் வடிவமைத்தார்களோ! ஓடிபியோடு சேர்த்து அதற்குத் தனி மாலை வேண்டும்.

அரசுத் தளம்தானா என்று பார்க்க ஒரே விதி கொடுங்கள்: அட்ரஸில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக, முன்புள்ளியோடு சேர்த்து .gov.in இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் செல்லாது. tnpds.gov.in.example.com என்று இருந்தால் அது example.com-க்காரர் தளம்.

சிக்கல் அடுத்த மாலையே வரும். உங்கள் மாணவர்கள் அதிகம் கேட்கப்போவது கரன்ட் பில். மின்வாரியத் தளம் tnpdcl.org. ரயில் டிக்கெட்டுக்கு irctc.co.in. இரண்டும் அசல், இரண்டிலும் gov.in இல்லை. நேற்று சொன்ன விதிப்படி இவை போலி. இதை மழுப்பாதீர்கள், மாணவர்கள் உங்கள் விதியையே விட்டுவிடுவார்கள். "இந்த இரண்டும் விலக்கு" என்று சொல்லி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவைத்து, கம்ப்யூட்டரில் ஷார்ட்கட்டாகவும் போட்டுவையுங்கள். கூகுளில் தேடிப் போக வேண்டாம். மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். "இன்று இரவு கரன்ட் கட்" என்று மெசேஜில் வரும் லிங்க்கைத் தொடவே கூடாது. இந்தத் தளங்கள் எல்லாம் ஒரே மாதிரி அட்ரஸ் வைத்திருந்தால் ஒரு வகுப்பு மிச்சமாகும். இதை நான் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்?

இப்போது அந்த இன்ஸ்டிடியூட்காரர். மத்திய அரசுக்கு PMGDISHA என்ற திட்டம் இருந்தது உண்மை. 20 மணி நேரக் கம்ப்யூட்டர் பயிற்சி, இலவசம், கிராமப்புறத்துக்கு மட்டும். சென்னைக்கு அது கிடையவே கிடையாது. 2024 மார்ச்சோடு அது முடிந்தும்விட்டது. அந்தப் பெயரைச் சொல்லி இன்னும் யாராவது வசூல் செய்யலாம். சர்டிபிகேட்டில் ஐஎஸ்ஓ முத்திரை இருந்தால் அது அரசு அங்கீகாரம் இல்லை. சங்கப் பதிவு எண் இருந்தால், அப்படி ஒரு சங்கம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எந்தத் துறை, எந்த ஆணை எண் என்று எழுத்தில் கேளுங்கள். மறுநாள் போன் எடுக்கமாட்டார்.

இதைவிட ஆபத்து, "ரிஜிஸ்ட்ரேஷனுக்கு" என்று ஆதார் நகலும் கைரேகை மிஷினும் கொண்டுவருவது. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால், ஓடிபி இல்லாமலே ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். அந்தப் பழைய திட்டத்திலும் ஆதார் சரிபார்ப்பு இருந்ததால் ஜனங்கள் சந்தேகப்படுவதில்லை. உங்கள் வகுப்பில் வருகைப் பதிவு நோட்டில் கையெழுத்தாக மட்டும் இருக்கட்டும்.

தலைக்கு 1,500 என்றால் 18,000 ரூபாய். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் என்ற கூட்டத்தைக் குறைக்கலாம். டிரஸ்ட் சான்று கேட்டால், அந்த 16 வேலைகளையும் ஒரு தாளில் வரிசையாக அச்சடித்து, அவரவர் தனியாகச் செய்து காட்டிய தேதியைப் பக்கத்தில் எழுதி, சங்கத் தலைவர் கையெழுத்தோடு கொடுங்கள்.